வீடியோ டோர் போன்ல எல்லாம் வேலை செய்யுது, கேட் லாக் மட்டும் திறக்கல, ஏன்?

கேள்வி: "7 இன்ச் மானிட்டர், வெளில கேமரா பேனல், கேட்ல 12 வோல்ட் எலக்ட்ரிக் லாக், மூணையும் மாட்டியாச்சு. மானிட்டர்ல இருந்து கேட் வரைக்கும் 20 மீட்டர், லேன் கேபிள்தான் இழுத்திருக்கோம். படம் வருது, பேச்சும் கேக்குது. ஆனா அன்லாக் பட்டனை அமுக்குனா டிக்டிக்னு சத்தம் மட்டும் வருது, கதவு திறக்கல, ஸ்கிரீன் வேற ஒரு செகண்ட் அணைஞ்சு எரியுது. லாக்கு போயிடுச்சா இல்ல அடாப்டர் பத்தலையா? லாக்குக்கு பவர் எங்கிருந்து எடுக்கணும்னும் சொல்லுங்க."

பதில்:

லாக்கு அனேகமா நல்லாத்தான் இருக்கும், இப்போதைக்கு கழட்டி கடைக்கு கொண்டு போகாதீங்க. நீங்க சொன்னதுல ஸ்கிரீன் அணைஞ்சு எரியுதுங்கற ஒரு வரிதான் முக்கியம். லாக்குக்கு போற கரண்டும் மானிட்டருக்கு போற கரண்டும் ஒரே அடாப்டர்ல இருந்து போகுதுன்னு அதுல இருந்தே தெரியுது. வயரிங் பண்ணவர் பேனலுக்கு வர்ற 12 வோல்ட்லயே ஒரு கிளை எடுத்து லாக்குக்கு குடுத்திருப்பார், பாதி வீட்டுல இப்படித்தான் நடக்குது, ஏன்னா பக்கத்துலயே 12 வோல்ட் இருக்கு, லாக்கு மேலயும் 12 வோல்ட்னு போட்டிருக்கு, ரெண்டும் பொருந்துதுன்னு நினைச்சுடறாங்க. வோல்ட் பொருந்துது சரி, ஆம்பியர் பொருந்தல.

கொஞ்சம் கணக்கு போட்டு பாத்துடலாம், பயப்பட வேண்டாம் ஸ்கூல் கணக்குதான். கேட்ல மாட்டுற ரிம் லாக்கு உள்ள ஒரு காயில் இருக்கு. லாக்கோட ரெண்டு ஒயரையும் கழட்டிட்டு மல்டிமீட்டரை ஓம்ல வச்சு அளந்தா காயிலோட ரெசிஸ்டன்ஸ் தெரியும், மாடலுக்கு மாடல் மாறும், உங்களுது 8 ஓம்னு வச்சுக்குவோம். 12 வோல்ட் முழுசா கிடைச்சா அது இழுக்கறது ஒன்றரை ஆம்பியர். இப்ப கேபிளைப் பாருங்க. லேன் கேபிள்ல ஒரு கம்பி சுமார் 0.2 ஸ்கொயர் எம்எம்தான், நல்ல காப்பரா இருந்தாலே கிலோமீட்டருக்கு 84 ஓம் கிட்ட வரும். உங்களுக்கு தூரம் 20 மீட்டர், ஆனா கரண்ட் போயிட்டு திரும்பி வரணும், அதனால 40 மீட்டர் கம்பி, அதாவது 3.4 ஓம் கிட்ட. இப்ப லாக்கும் ஒயரும் சேர்ந்த கணக்கு:

```
12 / (8 + 3.4) = 1.05
1.05 × 8 = 8.4
```

அதாவது ஓடப்போற கரண்ட் 1 ஆம்பியருக்கு கொஞ்சம் மேல, லாக்கோட முனையில கிடைக்கற வோல்டேஜ் எட்டரை கூட இல்ல. இதே ஒயர்ல பேனலும் ஒரு 0.2 ஆம்பியர் இழுக்குது, அதுக்கும் ஒரு 0.7 வோல்ட் கிட்ட ஒயர்லயே போயிடும். கேபிள் மேல காப்பர்னு எழுதி உள்ள அலுமினியத்துக்கு காப்பர் பூசுன சரக்கா இருந்தா ரெசிஸ்டன்ஸ் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு, கதை இன்னும் மோசம். மொத்தத்துல 8 வோல்ட்டோ அதுக்கும் கீழயோதான் லாக்குக்கு போகுது, 12க்கு பண்ணுன காயில் அதுல பாதி இழுத்துட்டு நின்னுடும்.

அந்த டிக்டிக் சத்தம் லாக்கோடதுன்னு நினைக்கறீங்க, பேனல் மேல காதை வச்சு கேட்டுப் பாருங்க, பெரும்பாலும் பேனலுக்குள்ள இருக்கற குட்டி ரிலே அடிக்கற சத்தமாத்தான் இருக்கும். பட்டனை அமுக்குனதும் ரிலே ஒட்டுது, ஒட்டுன உடனே லாக்கு கரண்ட்டை உறிஞ்சுது, பேனலுக்கு வர்ற வோல்டேஜ் சட்டுனு விழுது, வோல்டேஜ் விழுந்ததால ரிலே விட்டுடுது, விட்டதும் வோல்டேஜ் ஏறுது, மறுபடியும் ஒட்டுது. அதான் ஒரு டிக்கா வராம தொடர்ந்து வருது. வீட்டுக்குள்ள அடாப்டர் பக்கமும் இதே கதைதான். 7 இன்ச் மானிட்டர் ஸ்கிரீன் எரியறப்ப அரை ஆம்பியர் கிட்ட எடுக்கும், பேனல் 0.2, லாக்கு 1.05, மொத்தம் 1.75 ஆச்சு, அடாப்டர் மேல 1.5னு போட்டிருந்தா அது திணறி வோல்டேஜை கீழ விட்டுடும், ஸ்கிரீன் அணையறது அதனாலதான். பெரிய அடாப்டரா மாத்துனா ஸ்கிரீன் அணையறது வேணா நிக்கும், லாக்கு திறக்காது, ஏன்னா ஒயர்ல போற நஷ்டம் அப்படியேதான் இருக்கு. அதோட மானிட்டருக்குள்ள இருந்து பேனலுக்கு 12 வோல்ட் அனுப்பற பாதை கேமராவுக்கும் மைக்குக்கும்னு போட்டது, அது வழியா ஒரு ஆம்பியருக்கு மேல இழுத்துக்கிட்டே இருந்தா ஒருநாள் போர்டே போயிடும்.

அதனால விடை இதுதான்: டோர் போனோட 12 வோல்ட்டை லாக்குக்கு தொடவே தொடாதீங்க. லாக்குக்கு தனி பவர் சப்ளை, தனி ஒயர். டோர் போன் அந்த ஒயர்ல ஒரு ஸ்விட்சா மட்டும் உக்காரணும்.

மாத்தறதுக்கு முன்னாடி லாக்கு நிஜமாவே நல்லாருக்கான்னு உறுதி பண்ணிக்கோங்க. லாக்கோட ரெண்டு ஒயரையும் லைன்ல இருந்து பிரிச்சுட்டு, ஒரு 12 வோல்ட் பேட்டரில, யூபிஎஸ்ல வர்ற 7 ஏஎச் பேட்டரி போதும், ஒரு செகண்ட் மட்டும் தொட்டு எடுங்க. டபக்குனு நாக்கு உள்ள போயிடுச்சுன்னா லாக்கு நல்லாருக்கு. தொட்டபடியே பிடிச்சுக்கிட்டு நிக்காதீங்க, ரிம் லாக்கு காயில் ஒரு தட்டு தட்டுறதுக்குன்னு பண்ணுனது, கரண்ட் தொடர்ந்து போனா சூடாகி கருகிடும். தட்டுனதும் உள்ள ஸ்பிரிங் நாக்கை இழுத்து வச்சுக்கும், கேட்டை திறந்து மறுபடி சாத்தற வரைக்கும் அது வெளிய வராது, அதனால ஒரு செகண்ட் பல்ஸே தாராளம்.

பேட்டரில தொட்டும் திறக்கலன்னா உடனே லாக்கை திட்டாதீங்க, கேட்டை கையால லேசா உள்பக்கம் தள்ளி பிடிச்சுக்கிட்டு மறுபடி தொட்டுப் பாருங்க. அப்ப திறந்துச்சுன்னா கோளாறு கரண்ட்ல இல்ல, கேட்ல. இரும்பு கேட்டு கீல் தேய்ஞ்சு கொஞ்சம் இறங்கிடுச்சுன்னா, இல்ல ரப்பர் பீடிங் ரொம்ப தடியா இருந்தா, கேட்டு எப்பவும் லாக்கு நாக்கை ஒரு பக்கமா அழுத்திக்கிட்டே இருக்கும். நாக்கு அழுத்தத்துல மாட்டிக்கிட்டா முழு 12 வோல்ட் குடுத்தாலும் ஸ்பிரிங்கால இழுக்க முடியாது. எதிர்ல இருக்கற பட்டியை ஒன்னு ரெண்டு எம்எம் நகத்துனா தீர்ந்துடும், எலக்ட்ரீசியன் பாதி பேரு இதைப் பாக்கறதே இல்ல, நேரா அடாப்டரை மாத்திடறாங்க.

அடுத்தது பேனல் பின்னாடி லாக்குன்னு போட்டிருக்கற ரெண்டு முனை எந்த வகைன்னு தெரிஞ்சுக்கணும், இதுல தப்பு பண்ணுனா பேனல் போயிடும் அதனால கொஞ்சம் நிதானமா. ரெண்டு வகை இருக்கு. ஒன்னு டிரை கான்டாக்ட், அதாவது ரிலேவோட வெறும் ரெண்டு தகடு, அதுல எந்த வோல்டேஜும் கிடையாது, அமுக்குனா ஒட்டும் விட்டா பிரியும் அவ்ளோதான். இன்னொன்னு பேனலே 12 வோல்ட் வெளிய குடுக்கற வகை. கண்டுபிடிக்க அந்த முனைகள்ல இருக்கற எல்லா ஒயரையும் கழட்டிடுங்க, மீட்டரை முதல்ல டிசி வோல்ட்ல வைங்க, உள்ள ஒருத்தரை அன்லாக் அமுக்க சொல்லுங்க. அமுக்குறப்ப 12 கிட்ட காட்டுனா அது வோல்டேஜ் குடுக்கற வகை. ஒன்னுமே காட்டலன்னா அப்பறம்தான் மீட்டரை பீப் அடிக்கற கன்டினியூட்டிக்கு மாத்தணும், மறுபடி அமுக்குனா பீப் வந்தா டிரை கான்டாக்ட். இந்த வரிசையை மாத்தாதீங்க, வோல்டேஜ் இருக்கற இடத்துல கன்டினியூட்டி வச்சா ரீடிங்கும் தப்பு, மீட்டருக்கும் நல்லதில்ல. சில பேனல்ல பின்னாடி ஒரு குட்டி ஜம்பர் இருக்கும், அதை மாத்தி வச்சா ஒரு வகை இன்னொரு வகையாயிடும், கூட வந்த தாள்ல படம் போட்டிருப்பாங்க, அதையும் ஒரு தடவை பாத்துடுங்க.

டிரை கான்டாக்ட்னா வேலை சுலபம். வீட்டுக்குள்ள 12 வோல்ட் 3 ஆம்பியர் டிசி பவர் சப்ளை ஒன்னு வைங்க. அங்கிருந்து கேட் வரைக்கும் ரெண்டு கோர், 1 ஸ்கொயர் எம்எம் காப்பர் ஒயர். கேட்டுக்கு வந்ததும் பாசிட்டிவ் ஒயர் நேரா பேனல் ரிலேவோட பொது முனையான காம் முனைக்கு, அமுக்குனா மட்டும் அதோட ஒட்டற என்ஓ முனையில இருந்து ஒரு துண்டு ஒயர் லாக்கோட ஒரு முனைக்கு, லாக்கோட இன்னொரு முனையில இருந்து நெகட்டிவ் ஒயர் திரும்பி சப்ளைக்கு. இந்த வட்டத்துல டோர் போனோட ஆடியோ, வீடியோ, கிரவுண்ட், 12 வோல்ட் எதுவுமே சேராது. லாக் சப்ளையோட நெகட்டிவையும் டோர் போனோட கிரவுண்டையும் ஒன்னா முடிஞ்சு விடணுமான்னு நிறைய பேர் கேப்பாங்க, டிரை கான்டாக்ட்ல அது தேவையே இல்ல, முடிஞ்சு விட்டா லாக்கு தட்டுற நேரத்துல வர்ற அதிர்வு படத்துக்குள்ள வந்து கோடு போடும்.

இப்ப பழைய கணக்கையே புது ஒயருக்கு போடுங்க. 1 ஸ்கொயர் எம்எம் ஒயர் கிலோமீட்டருக்கு 19 ஓம் கிட்ட, 40 மீட்டருக்கு 0.8 ஓம்னு வைங்க. கரண்ட் 1.36 ஆம்பியர், லாக்குக்கு கிடைக்கறது 10.9 வோல்ட். முன்னாடி எட்டுல முக்குனது இப்ப பதினொன்னுல தட்டும். இன்னும் கொஞ்சம் வேணும்னா இரும்பு பெட்டி மாதிரி வர்ற எஸ்எம்பிஎஸ்ல முனைகளுக்கு பக்கத்துலயே ஒரு குட்டி திருகு இருக்கும், அதை மெதுவா திருப்பி வெளிய வர்ற வோல்டேஜை பன்னண்டரை வரைக்கும் ஏத்திக்கலாம், மீட்டர் வச்சுக்கிட்டே திருப்புங்க, அதுக்கு மேல போக வேண்டாம்.

புது ஒயர் இழுக்கவே வழியில்ல, பைப்பு அடைச்சுடுச்சு, ஆனா இன்னொரு லேன் கேபிள் சும்மா கிடக்குதுன்னா ஒரு வழி இருக்கு. அதுல எட்டு கம்பி, நாலை சேத்து முறுக்கி பாசிட்டிவ், நாலை சேத்து நெகட்டிவ். 3.4 ஓம் நாலுல ஒரு பங்காயி 0.85க்கு வந்துடும், 1 ஸ்கொயர் எம்எம் ஒயருக்கு கிட்டத்தட்ட சமம். ஆனா ரெண்டு முனையிலயும் நாலு கம்பியும் நல்லா பிடிச்சிருக்கணும், சால்டர் வச்சுடறது நல்லது, ஒரு கம்பி விட்டுப் போனாலும் உங்களுக்கு தெரியாது, ஆறு மாசம் கழிச்சு லாக்கு மக்கர் பண்றப்பதான் தெரியும்.

பேனல் வோல்டேஜ் குடுக்கற வகையா இருந்தா, அந்த 12 வோல்ட்டை நேரா ரிம் லாக்குக்கு குடுக்காதீங்க, நடுவுல ஒரு 12 வோல்ட் ரிலே போடுங்க. பேனலோட முனை ரிலேவோட காயிலுக்கு, ரிலே காயில் 0.1 ஆம்பியருக்கும் கம்மியாத்தான் எடுக்கும் பேனலுக்கு அது ஒரு பாரமே இல்ல. ரிலேவோட காம், என்ஓ ரெண்டும் மேல சொன்ன வட்டத்துல பேனல் கான்டாக்ட் இருந்த இடத்துக்கு வந்துடும். டிரை கான்டாக்ட் இருக்கற பேனல்லயும் ஒரு விஷயம் பாக்கணும், தாள்ல அந்த கான்டாக்ட் எத்தனை ஆம்பியர் தாங்கும்னு போட்டிருக்கும். 1 ஆம்பியர்னு இருந்து உங்க லாக்கு 1.4 எடுத்துச்சுன்னா முதல் நாள் வேலை செய்யும், கொஞ்ச மாசத்துல தகடு கருகும் இல்ல ஒட்டிக்கும். ஒட்டிக்கிச்சுன்னாதான் வம்பு, லாக்குக்கு கரண்ட் நிக்காம போயிட்டே இருக்கும், தொட்டா சுடும், காயில் போயிடும். அந்த மாதிரி இடத்துலயும் நடுவுல ரிலே போட்டுடறது நல்லது, 10 ஆம்பியர் தாங்கற சின்ன ரிலே எங்கயும் கிடைக்கும்.

அப்பறம் டயோட். தயவு செஞ்சு இதை விட்டுடாதீங்க. காயிலுக்கு போற கரண்ட்டை சட்டுனு நிறுத்துனா அது எதிர்ப்பக்கமா ஒரு பெரிய வோல்டேஜை உதறும், அது ரிலே தகட்டுல பொறியா விழும், படத்துல கோடா தெரியும், சில நேரம் பேனலே ரீஸ்டார்ட் ஆகும். 1என்4007னு ஒரு டயோட், லாக்கோட ரெண்டு முனைக்கும் குறுக்க போடணும், வெள்ளைக் கோடு இருக்கற பக்கம் பாசிட்டிவ் ஒயர் பக்கம் இருக்கணும். திருப்பி போட்டீங்கன்னா அது நேர் ஷார்ட், அமுக்குன உடனே சப்ளை கட்டாயிடும், அதனால ஒரு தடவைக்கு ரெண்டு தடவை பாருங்க. எங்க போடறதுங்கறதும் முக்கியம், பேனல் பக்கத்துல இல்ல லாக்கு பக்கத்துலயே போடணும், அதிர்வு பொறக்கற இடத்துலயே அடங்கணும். நடுவுல ரிலே போட்டிருந்தா அதோட காயிலுக்கும் ஒன்னு. இதெல்லாம் டிசி லாக்குக்கு மட்டும். டிரான்ஸ்பார்மர்ல இருந்து ஏசி குடுத்தா டர்ர்னு சத்தத்தோட திறக்கற பழைய ஸ்டிரைக்கு இருந்தா அதுக்கு டயோட் போடக்கூடாது, அதுக்கு வேரிஸ்டர்னு வேற ஒன்னு.

உங்களுது ரிம் லாக்குன்னு வச்சுத்தான் இவ்ளோ நேரம் சொன்னேன். ஒருவேளை அது காந்த லாக்கா இருந்தா, அதாவது கேட்ல ஒரு இரும்புத் தகடும் சட்டத்துல ஒரு நீள காந்தமும் இருந்தா, எல்லாம் தலைகீழ். அது கரண்ட் இருக்கறப்ப பூட்டும், கரண்ட் நின்னா திறக்கும். அதனால என்ஓல மாட்டக் கூடாது, சும்மா இருக்கறப்ப ஒட்டியிருந்து அமுக்குனா பிரியற என்சி முனையில மாட்டணும். 280 கிலோ தாங்கும்னு விக்கிற காந்த லாக்கு 12 வோல்ட்ல அரை ஆம்பியர் கிட்ட நாள் முழுக்க எடுத்துக்கிட்டே இருக்கும், கரண்ட் கட்டானா கதவு திறந்துடும், பேட்டரி உள்ள சப்ளை இல்லாம அதை கேட்டுக்கு போடறதுல அர்த்தமே இல்ல. ரிம் லாக்குல அந்த கவலை கிடையாது, கரண்ட் போனாலும் பூட்டுனது பூட்டுனபடி, வெளில சாவி, உள்பக்கம் பட்டன்.

உள்பக்கம் எக்ஸிட் பட்டன் வேணும்னா ரிம் லாக்குக்கு காம், என்ஓ ரெண்டுக்கும் குறுக்க ஒரு பெல் பட்டன் போட்டா முடிஞ்சுது. அமுக்குனா ஒட்டி விட்டா பிரியற பட்டனா இருக்கணும், லைட் ஸ்விட்ச் மாதிரி போட்டபடியே நிக்கறதை போட்டுடாதீங்க, யாராவது ஆன்ல விட்டுட்டு போனா காயில் காலி.

இப்ப மானிட்டருக்கும் பேனலுக்கும் நடுவுல இருக்கற லேன் கேபிளுக்கு வருவோம். லாக்கு பாரம் போயிட்டா அந்த கேபிள் 20 மீட்டருக்கு போதும், ஆனா எந்த கம்பியில எதை விட்டிருக்காங்கன்னு திறந்து பாருங்க. நாலு ஒயர் வேலை இது: ஆடியோ, கிரவுண்ட், 12 வோல்ட், வீடியோ. லேன் கேபிள்ல கம்பிங்க ஜோடி ஜோடியா முறுக்கி இருக்கும். வீடியோவையும் ஆடியோவையும் ஒரே ஜோடியில விட்டா பேசறப்ப ஒரு இரைச்சல், படத்துல பேச்சுக்கு ஏத்த மாதிரி ஒரு நடுக்கம் வரும். வீடியோவோட ஜோடிக்கம்பி கிரவுண்டா இருக்கணும், ஆடியோவோட ஜோடிக்கம்பியும் கிரவுண்டா இருக்கணும். மிச்சம் ரெண்டு ஜோடி இருக்கே, ஒரு ஜோடியை சேத்து 12 வோல்ட், இன்னொன்னை சேத்து அதையும் கிரவுண்ட்லயே போட்டுடுங்க. எட்டு கம்பியும் வேலைக்கு வந்துடுச்சு, ராத்திரில பேனலோட இன்ஃப்ராரெட் லைட் எரியறப்ப படம் மங்கறதும் நின்னுடும். கேட் லைட்டுக்கு போற மெயின் லைன் இருக்கற பைப்லயே இந்த கேபிளையும் நுழைச்சிருந்தா வெளிய எடுத்துடுங்க, படத்துல மெதுவா மேல ஏறுற பட்டை அதனால வரும், அதைவிட முக்கியமா அது ஆபத்து.

கலரை நம்பி எதையும் மாட்டாதீங்க. ஒரு கம்பெனில சிவப்பு 12 வோல்ட்டா இருக்கும், இன்னொன்னுல சிவப்பு ஆடியோவா இருக்கும். போர்டுல முனைக்கு பக்கத்துல என்ன எழுதியிருக்கோ அதை மட்டும் நம்புங்க. ஆடியோவும் வீடியோவும் மாறிப் போனா படம் வராது, சரியா மாத்துனா பிழைச்சுக்கும், 12 வோல்ட் போய் வீடியோ முனையில ஏறுனா பிழைக்கும்னு சொல்ல முடியாது. அடாப்டரும் அப்படித்தான், சில மானிட்டர் 12, சில மானிட்டர் 15 வோல்ட், பின்னாடி ஸ்டிக்கர்ல பாத்துட்டு குடுங்க, லாக்குக்கு வாங்குன 12 வோல்ட் சப்ளைலயே மானிட்டரையும் ஓட்டிடலாம்னு சிக்கனம் பாக்க வேண்டாம்.

எல்லாம் மாட்டுனதுக்கு அப்பறம் லாக்கு முனையில மீட்டர் வச்சு ஒரு அளவு எடுங்க. அன்லாக் அமுக்காம பாத்தா ஒன்னும் காட்டாது, லாக்கை கழட்டிட்டு அமுக்கி பாத்தா சுத்தமா 12 காட்டும், ரெண்டுமே உபயோகம் இல்லாத ரீடிங். கரண்ட் ஓடாதப்ப ஒயர்ல நஷ்டமே தெரியாது, "12 வருதே சார், லாக்குதான் ரிப்பேர்"னு சொல்றவங்க இப்படித்தான் ஏமாறுறாங்க. லாக்கு மாட்டியிருக்கறப்பவே, அமுக்குற நேரத்துல என்ன காட்டுதுன்னு பாக்கணும். ஒரு செகண்டுக்குள்ள மீட்டர் நிதானத்துக்கு வராது, அதனால மானிட்டர் மெனுல அன்லாக் டைம் இருந்தா சோதனைக்கு மட்டும் ரெண்டு மூணு செகண்டா ஏத்திட்டு ஒரே ஒரு தடவை அமுக்கி பாத்துட்டு மறுபடி ஒன்னுக்கு இறக்கிடுங்க. பத்தரைக்கு மேல இருந்தா சரி. ஒன்பதுக்கு கீழ வந்தா ஒயர்ல எங்கயோ ஒரு ஜாயின்ட் சரியில்ல, சப்ளை முனையில வச்சு அதே மாதிரி பாருங்க, அங்க 12 நிக்குதுன்னா கோளாறு வழியில, அங்கயே விழுதுன்னா சப்ளையே பத்தல.

கடைசியா ஒன்னு, இதை முன்னாடியே சொல்லியிருக்கணும். பேனல் வெளில இருக்கு, லாக்கோட ஸ்விட்ச் அந்த பேனலுக்குள்ள இருக்கு. அதாவது கீழ இருக்கற ஒரு ஸ்க்ரூவை கழட்டி பேனலை வெளிய இழுத்து காம், என்ஓ ஒயரை தொட வச்சா கேட்டு திறந்துடும், அன்லாக் பட்டனே வேண்டாம். சில மானிட்டர்ல பின்னாடியே லாக்குக்கு தனி கான்டாக்ட் குடுத்திருப்பாங்க, உங்களுதுல இருந்தா பேனல் கான்டாக்ட்டை விட்டுட்டு அதையே எடுங்க. சப்ளை பாசிட்டிவ் மானிட்டரோட காம் போயி என்ஓ வழியா கேட்டுக்கு போகும், வெளில வர்றது லாக்குக்கு போற ரெண்டு ஒயர் மட்டும்தான், அதை ஷார்ட் பண்ணுனா எதுவும் திறக்காது. அந்த வசதி இல்லன்னா சாதா ஸ்க்ரூடிரைவர்ல கழட்ட முடியாத நட்சத்திர தலை ஸ்க்ரூ போடுங்க, லாக்கு ஒயர் ஜாயின்ட்டை பேனல் பின்னாடி டப்பாவுல வைக்காம தூணோட உள்பக்கம் வைங்க. கேட்டு அஞ்சடி உயரம்தான்னா இதுக்கு இவ்ளோ மெனக்கெட வேண்டாம், ஏறிக் குதிக்கறது அதைவிட சுலபம். ஆனா அதே லாக்கு வீட்டு மெயின் கதவுல இருந்தா பேனல் கான்டாக்ட்டை நான் போட மாட்டேன்.

முதல்ல அந்த பேட்டரி சோதனையையும் பேனல் முனை சோதனையையும் பண்ணிட்டு, லாக்கு காயில் எத்தனை ஓம் வந்துச்சு, பேனல் எந்த வகைன்னு சொல்லுங்க, நடுவுல ரிலே வேணுமா வேண்டாமான்னு அதை வச்சு சொல்லிடலாம்.